பொங்கல் கோப்பை: ஆப்ல ஒரு ரன்ரேட், ஷீட்ல ஒரு ரன்ரேட். அரையிறுதிக்கு யாரை அனுப்புறது?

மேட்டுத்திடல்

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர்ல பொங்கலுக்கு டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடத்திட்டு இருக்கோம். அணிக்கு 8 பேர், 8 ஓவர் மேட்ச். மொத்தம் எட்டு டீம், ரெண்டு குரூப், ஒரே கிரவுண்ட். குரூப்ல முதல் ரெண்டு டீம் அரையிறுதி. ஜெயிச்சா 2 பாயின்ட். ஸ்கோர் எல்லாம் ஆப்ல பால் பாலா ஏத்துனோம். கூடவே ஒரு தம்பி கூகுள் ஷீட்லயும் டோட்டல் மட்டும் போட்டுட்டு வந்தான்.

ஏ குரூப் முடிஞ்சிருச்சு. பஜார், வடக்குத்தெரு, காலனி மூணு டீமும் ஆளுக்கு ரெண்டு ஜெயிச்சு 4 பாயின்ட். மேட்டுத்தெரு மூணும் தோத்துட்டாங்க. ஸ்கோர் இதான்:

வடக்குத்தெரு 72/5 (8), மேட்டுத்தெரு 55/6 (8)
காலனி 60/6 (8), வடக்குத்தெரு 61/4 (7.2)
வடக்குத்தெரு 38 (5.4), பஜார் 39/2 (5)
காலனி 66/4 (8), பஜார் 58/5 (8)
மேட்டுத்தெரு 50/5 (8), காலனி 51/3 (6.3)
பஜார் 80/4 (8), மேட்டுத்தெரு 49/6 (8)

பஜார் ரன்ரேட்ல ரொம்ப மேல இருக்காங்க, அவங்களப் பத்தி யாருக்கும் சண்டை இல்ல. ரெண்டாவது இடம்தான் பிரச்சினை. ஆப்ல வடக்குத்தெரு +0.810, காலனி +0.624. ஷீட்ல வடக்குத்தெரு +0.968, காலனி +0.653. எப்படிப் பார்த்தாலும் வடக்குத்தெருதான் வருது, ஆனா நம்பர் ஏன் மாறுதுன்னு புரியல. இதுக்கு நடுவுல காலனி மேனேஜர் ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டுக் கொண்டு வந்து, வடக்குத்தெருவுக்கு மைனஸ் 0.005தான், நாங்கதான் அரையிறுதின்னு நிக்கிறார்.

நோட்டீஸ்ல நாங்க அடிச்சிருக்கிறது ஒரே வரி: "புள்ளிகள் சமமானால் ரன்ரேட் அடிப்படையில் முடிவு செய்யப்படும்." வர்ற ஞாயிறு அரையிறுதி. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கவர்டிரைவ் கணேஷ்

இதுக்கு எதுக்கு ப்ரோ ரன்ரேட்? வடக்குத்தெருவும் காலனியும் மோதின மேட்ச்ல யார் ஜெயிச்சா? வடக்குத்தெரு. நேருக்கு நேர் ஜெயிச்சவன் மேல போகணும். அதான் நியாயம், ஊர்ல யாரும் கேள்வி கேக்க முடியாது. ரன்ரேட்டை எல்லாம் டிவில பாக்குற மேட்சுக்கு விட்ருங்க.

தேன்மொழி

ஷீட்ல ஏன் வேற நம்பர் வருதுன்னு மட்டும் நான் சொல்றேன். எங்க அபார்ட்மென்ட் டோர்னமென்ட்டுக்கு ஷீட் பாக்குறது நான்தான்.

7.2 ஓவர்ங்கிறது ஏழு ஓவர் ரெண்டு பால். ஷீட்டுக்கு அது தெரியாது. அது ஏழே ஏழு, கூட பத்துல ரெண்டுன்னு எடுத்துக்கும். நிஜத்துல ரெண்டு பால்னா ஆறுல ரெண்டு, அதாவது 7.333. உங்க தம்பி ஓவரை அப்படியே கூட்டியிருப்பார். வடக்குத்தெரு ஆடின ஓவர் 8 + 7.2 + 5.4 = 20.6ன்னு. 171 ரன்னை 20.6ஆல வகுத்தா 8.301. அவங்க போட்ட 21 ஓவர்ல கொடுத்தது 154 ரன், அதாவது ஓவருக்கு 7.333, அதைக் கழிச்சா 0.968. உங்க ஷீட்ல இருக்கிற அதே நம்பர்.

ஓவரை எப்பவும் பாலா மாத்திட்டுக் கணக்கு போடுங்க. C2ல ஓவர் இருந்தா:

```
=INT(C2)*6+ROUND(MOD(C2,1)*10,0)
```

5.4 போட்டா 34 வரும், 7.2 போட்டா 44 வரும். அப்புறம் ரன்னை 6ஆல பெருக்கி பாலால வகுங்க. இப்படிப் பண்ணினா வடக்குத்தெரு ஆடினது 48 + 44 + 34 = 126 பால், சரியா 21 ஓவர். 171ஐ 21ஆல வகுத்து 7.333 கழிச்சா +0.810. ஆப்ல இருக்கிறது அதேதான். அதனால ஆப்தான் கரெக்ட், ஷீட்தான் தப்பு. வடக்குத்தெரு அரையிறுதி.

மேட்டுத்திடல்

ரொம்ப நன்றிக்கா. அப்ப ஆப் சரி. காலனி மேனேஜர்கிட்ட இதையே காட்டிடுறேன்.

ஸ்கோர்புக் சாமி

தம்பி, காட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். பஜாரோட ஆடுனதுல வடக்குத்தெரு 38ன்னு போட்டிருக்கீங்க. மத்த எல்லா ஸ்கோருக்கும் விக்கெட் இருக்கு, இதுக்கு மட்டும் இல்ல. 5.4 ஓவர்ல ஆட்டம் ஏன் நின்னுது? ஆல் அவுட்டா?

மேட்டுத்திடல்

ஆமாண்ணே, ஆல் அவுட்தான். அதுக்கு அப்புறம் ஆட ஆள் இல்ல.

ஸ்கோர்புக் சாமி

அப்படின்னா காலனி மேனேஜர் சொல்றதுதான் சரி. ஆப்ல இருக்கிற நம்பர் தப்பு. தேன்மொழி சொன்ன பால் கணக்கு முழுக்க சரி. ஆனா அது பாதி வேலை.

நெட் ரன்ரேட்ல ஒரு டீம் ஆல் அவுட் ஆயிட்டா, அவங்க எத்தனை பால் ஆடினாங்கங்கிறதைப் பாக்க மாட்டாங்க. அவங்களுக்குக் கொடுத்த முழு ஓவரும் ஆடினதா எடுத்துக்கணும். இங்க 8 ஓவர். 34 பால் இல்ல, 48 பால். எதிர் டீமுக்கும் அதே மாதிரிதான், பஜார் 8 ஓவர் போட்டதா கணக்கு.

காரணம் ரொம்ப நேரானது. இந்த விதி இல்லைன்னா, 38 ரன்னுக்கு 5.4 ஓவர்ல சுருண்ட டீமுக்கு ஓவருக்கு 6.7 ரன் வேகம் கிடைக்கும். அதே 38ஐ எட்டு ஓவர் தாக்குப்பிடிச்சு எடுத்தவனுக்கு 4.75தான். விக்கெட்டைக் காப்பாத்தினவனுக்குத் தண்டனை, சீக்கிரம் அவுட் ஆனவனுக்குப் பரிசுன்னு ஆயிடும்.

இப்ப முழுக்கணக்கு. வடக்குத்தெரு எடுத்தது 72 + 61 + 38 = 171. ஆடினது 48 + 44 + 48 = 140 பால். ஓவருக்கு 7.329. கொடுத்தது 55 + 60 + 39 = 154. போட்டது 48 + 48 + 30 = 126 பால். ஓவருக்கு 7.333. வித்தியாசம் மைனஸ் 0.005.

காலனி எடுத்தது 60 + 66 + 51 = 177, ஆடினது 48 + 48 + 39 = 135 பால், ஓவருக்கு 7.867. கொடுத்தது 61 + 58 + 50 = 169, போட்டது 44 + 48 + 48 = 140 பால், ஓவருக்கு 7.243. பிளஸ் 0.624. காலனி ஒரு தடவைகூட ஆல் அவுட் ஆகல, அதான் ஆப்லயும் அவங்க நம்பர் இதேதான் இருக்கு.

மேனேஜர் பேப்பர்ல போட்டது மூணு டெசிமல் வரைக்கும் சரி. அவருக்கு ஸ்கோரிங் தெரிஞ்சிருக்கு.

தேன்மொழி

ஐயா, இது எனக்கு நிஜமாவே புதுசு. எங்க அபார்ட்மென்ட்ல 6 ஓவர் மேட்ச், யாரும் ஆல் அவுட் ஆனதே இல்ல, அதனால இந்தக் கேள்வி வந்ததில்ல. ஆனா ஆப்ல இது ஏற்கெனவே இருக்கணுமே? இத்தனை பேர் வெச்சு ஆடுற ஆப்ல இந்த விதி கூடவா இருக்காது?

ஸ்கோர்புக் சாமி

விதி இருக்கும்மா. ஆனா அது ஆல் அவுட்டா இல்லையான்னு ஆப்புக்கு யார் சொன்னாங்க, அதுதான் கேள்வி.

மேட்டுத்திடல் தம்பி, ரெண்டு விஷயம் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணு, பாயின்ட் டேபிள்ல வடக்குத்தெரு வரிசையில `For`ன்னு ஒரு காலம் இருக்கும். அதுல 171/23.2ன்னு இருக்கா, 171/21.0ன்னு இருக்கா? 140 பால்னா 23.2 ஓவர், 126 பால்னா 21 ஓவர். ரெண்டாவது, அந்த மேட்ச் ஸ்கோர்கார்டைத் திறந்து, 38க்குப் பக்கத்துல எத்தனை விக்கெட்னு பாருங்க.

மேட்டுத்திடல்

பாத்துட்டேன். 171/21.0ன்னுதான் இருக்கு. ஸ்கோர்கார்டுல 38/6 (5.4).

ஆறு விக்கெட்டுக்கு ஏன் நின்னுதுன்னு ஸ்கோர் போட்ட பையன்கிட்ட இப்பதான் கேட்டேன். வடக்குத்தெருவுல அன்னைக்கு ஒரு ஆளு பேட்டிங்குக்கு வரல. ஆறாவது விக்கெட் விழுந்ததும் எதிர்முனைல நிக்க ஆள் இல்ல. ஆப் அடுத்த பேட்ஸ்மேனை செலக்ட் பண்ணச் சொல்லிக் கேட்டுட்டே நின்னுச்சாம். அதனால மெனுவுக்குள்ள போய் இன்னிங்ஸை முடின்னு கையால அமுக்கியிருக்கான்.

ஸ்கோர்புக் சாமி

அதுதான் விஷயம். எட்டுப் பேர்ல ஏழு விக்கெட் விழுந்தா ஆல் அவுட்னு ஆப் தானாப் போட்டுக்கும். அதுவும் மேட்ச் ஆரம்பிக்கும்போது அணிக்கு எத்தனை பேர்னு 8 குடுத்திருந்தாத்தான். நிறைய பேர் அதை மாத்தாம 11லயே விட்டுடுவாங்க. இங்க விழுந்தது ஆறு. ஆப்பைப் பொறுத்தவரைக்கும் இன்னும் ஒரு பேட்ஸ்மேன் உள்ள உக்காந்திருக்கான், ஆனா ஸ்கோரர் இன்னிங்ஸை மூடிட்டார். அப்ப அது டிக்ளேர் மாதிரி, இல்லைன்னா மழையில நின்ன மாதிரி எடுத்துக்கிட்டு, ஆடின 5.4 ஓவரை மட்டும் கணக்குல வெச்சிருச்சு.

இன்னிங்ஸை முடிக்கும்போது பல ஆப்ல காரணம் கேக்கும். அங்க ஆல் அவுட்ங்கிறதைத் தேர்ந்தெடுக்கணும். அப்படி ஒரு வாய்ப்பே இல்லாத ஆப்பா இருந்தா, வராத ஆளை லிஸ்ட்லயே சேர்க்காம அந்த டீமுக்கு 7 பேர்னு போட்டு ஆரம்பிக்கணும். முடிஞ்சுபோன மேட்ச்சை டோர்னமென்ட் நடத்துறவர் ஐடில இருந்து திருத்த வழி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஆப்ல இருக்கிறதை விட்டுட்டு, கையால போட்ட டேபிளை நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. கமிட்டி கையெழுத்து போட்ட பேப்பர்தான் ரெக்கார்டு. ஆப்ல வர்ற டேபிள் ஒரு வசதி.

லெஃப்டி வடக்குத்தெரு

நான் வடக்குத்தெரு டீம்தான். இழையை முழுக்கப் படிச்சேன், அதனால சொல்றேன்.

நாங்க ஆல் அவுட் ஆகல. ஆறு விக்கெட்தான் விழுந்துச்சு. எங்க பையன் ஒருத்தன் மேட்ச் முதல் ஓவருக்கு முன்னாடியே அவங்க அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டி வந்துச்சு. அதை அம்பயர்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான். வீட்டுல கஷ்டம்னு போனவனை அவுட் ஆனவன் மாதிரி எண்ணுறது எந்த ஊர் நியாயம்? ஏழாவது விக்கெட்டை பஜார் எடுக்கலையே. எடுக்காத விக்கெட்டுக்கு எப்படி ஆல் அவுட் குடுப்பீங்க?

ஆப்ல வந்ததை நாங்க ஒத்துக்கிட்டோம். டோர்னமென்ட் ஆரம்பிக்கும்போது ஆப்ல வர்றதுதான் முடிவுன்னு மைக்ல சொன்னது நீங்கதான்.

கவர்டிரைவ் கணேஷ்

லெஃப்டி சொல்றதுல பாயின்ட் இருக்கு. அதனாலதான் நான் முதல்லயே சொன்னேன், நேருக்கு நேர் பாத்தா இவ்வளவு சிக்கலே இல்ல.

ஸ்கோர்புக் சாமி

கணேஷ், நேருக்கு நேர் இங்க வேலைக்கு ஆகாது. சமமா நிக்கிறது ரெண்டு டீம் இல்ல, மூணு. வடக்குத்தெரு காலனியை ஜெயிச்சிருக்கு, காலனி பஜாரை ஜெயிச்சிருக்கு, பஜார் வடக்குத்தெருவை ஜெயிச்சிருக்கு. வட்டமா சுத்துது. இதுல ரெண்டு பேரை மட்டும் பிரிச்சு எடுத்து நேருக்கு நேர் பாக்கணும்னா, முதல்ல பஜாரை மேல தூக்கி வெக்க ஒரு வழி வேணும். அந்த வழி ரன்ரேட்தான். முதல் இடத்தை ரன்ரேட்ல குடுத்துட்டு ரெண்டாவது இடத்தை வேற விதில குடுக்கலாம், சில டோர்னமென்ட்ல அப்படி எழுதியே வெச்சிருக்காங்க. ஆனா எழுதி வெச்சிருக்கணும். இவங்க நோட்டீஸ்ல ரன்ரேட்னு இருக்கு.

2019 உலகக் கோப்பையை நினைச்சுப் பாருங்க. நியூசிலாந்தும் பாகிஸ்தானும் ஆளுக்கு 11 பாயின்ட், ஆளுக்கு அஞ்சு வெற்றி. நேருக்கு நேர் ஜெயிச்சது பாகிஸ்தான், பர்மிங்காம்ல ஆறு விக்கெட் வித்தியாசத்துல. ஆனா அரையிறுதிக்குப் போனது நியூசிலாந்து, ஏன்னா அங்க நேருக்கு நேருக்கு முன்னாடி நெட் ரன்ரேட். நியூசிலாந்து +0.175, பாகிஸ்தான் −0.430. பாகிஸ்தானைக் கவுத்தது அவங்களோட முதல் மேட்ச். வெஸ்ட் இண்டீஸோட 21.4 ஓவர்ல 105க்கு ஆல் அவுட். அந்த 105க்கு எதிரே கணக்குல ஏறினது 21.4 இல்ல, 50 ஓவர். வெஸ்ட் இண்டீஸ் அதை 13.4 ஓவர்ல அடிச்சு முடிச்சாங்க, அது அப்படியே 13.4தான் ஏறும். அந்த ஒரு நாளோட அடியை மீதி டோர்னமென்ட் முழுக்க அவங்களால சரிபண்ண முடியல. உங்க வடக்குத்தெரு கதையும் அச்சு அசல் அதேதான்.

லெஃப்டி தம்பி, உங்க கோபம் எனக்குப் புரியுது, அந்தப் பையன் செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா ரன்ரேட் யாரையும் அவுட்னு சொல்லல. கிரிக்கெட் விதி 13ல இன்னிங்ஸ் எப்ப முடியும்னு எழுதியிருக்கு. ஆல் அவுட் ஒரு வழி. விக்கெட் விழுந்து, பால் மீதி இருந்து, அடுத்து வர பேட்ஸ்மேன் யாரும் இல்லைங்கிறது இன்னொரு வழி. ரெண்டுலயும் இன்னிங்ஸ் முழுமையா முடிஞ்சதுதான். காயம்பட்டு ஆளு வராம ஒன்பது விக்கெட்ல முடியுற டெஸ்ட் இன்னிங்ஸையும் ஸ்கோர்கார்டுல ஆல் அவுட்னுதான் எழுதுவாங்க, வராதவர் பேருக்கு நேரா ஆப்சென்ட்னு போடுவாங்க. உங்களுக்கு இன்னும் 14 பால் இருந்துச்சு. அதை ஆட உங்க பக்கம் ஆள் இல்ல. பஜார் உங்க 14 பாலைப் பறிக்கல. அதனால அந்த 14 பால் உங்க கணக்குலதான் சேரும்.

லெஃப்டி வடக்குத்தெரு

டெஸ்ட் மேட்ச்சுல வாரியம் எழுதின விதி இருக்கு, சரி. நம்ம நோட்டீஸ்ல "ரன்ரேட்"னு மட்டும்தான இருக்கு? எந்த ரன்ரேட்னு சொல்லலையே. எங்க தெருவுல கடைசி ஆள் தனியா ஆடலாம்னு ஒரு வழக்கம் உண்டு. அப்படிப் பாத்தா ஆறு விக்கெட் விழுந்த பிறகும் நாட் அவுட்டா நின்ன எங்க பையன் ஒத்தையா ஆடியிருக்கலாம். அவனை ஏன் வெளிய வரச் சொன்னாங்க?

மேட்டுத்திடல்

லெஃப்டி, கடைசி ஆள் தனியா ஆடக்கூடாதுன்னு கேப்டன் மீட்டிங்ல சொன்னோம். உங்க கேப்டன் கையெழுத்து இருக்கு. அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா ரன்ரேட் எப்படிப் போடுவோம்னு அந்த மீட்டிங்ல பேசலைங்கிறது உண்மைதான். ஆப் பாத்துக்கும்னு இருந்தோம்.

பி.டி. சார் (ஓய்வு)

வணக்கம். ஃபிக்சர் போடுவதில் பிரச்சினை என்று தலைப்பைப் பார்த்து வந்தேன். பள்ளியில் 30 வருடத்துக்கும் மேலாக ஃபிக்சர் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். நாக் அவுட் என்றால் அணிகளின் எண்ணிக்கைக்கு மேலே உள்ள 2, 4, 8, 16, 32 இவற்றில் எது அடுத்து வருகிறதோ அதிலிருந்து கழித்தால் எத்தனை பை, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு, கொடுக்க வேண்டும் என்று வந்துவிடும். 11 அணி என்றால் 16லிருந்து 11 போக 5 பை. மேல் பாதியில் 6 அணி, கீழ்ப் பாதியில் 5 அணி. பையில் மூன்று கீழ்ப் பாதிக்கு, இரண்டு மேல் பாதிக்கு. முதல் பை கீழ்ப் பாதியின் கடைசி அணிக்கு, இரண்டாவது மேல் பாதியின் முதல் அணிக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஆப் தேவையில்லை.

மேட்டுத்திடல்

வணக்கம் சார். எங்களுக்கு எட்டு டீம்தான் சார், ஃபிக்சர் சரியா இருக்கு. ரன்ரேட்லதான் சந்தேகம்.

பி.டி. சார் (ஓய்வு)

இப்போது முழுவதும் படித்தேன். ரன்ரேட்டில் ஸ்கோர்புக் சாமி சொல்வதுதான் முறை. ஆனால் உங்கள் ஃபிக்சர் சரியாக இருக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. கடைசியாக எந்த ஆட்டம் நடந்தது?

மேட்டுத்திடல்

கடைசி ஆட்டம் மேட்டுத்தெரு, காலனி சார். அதுக்கு முந்தினது வடக்குத்தெரு, பஜார்.

பி.டி. சார் (ஓய்வு)

பாருங்கள். வடக்குத்தெரு தன் மூன்று ஆட்டத்தையும் முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. காலனி கடைசி ஆட்டத்தில் இறங்கும்போது எத்தனை ஓவருக்குள் அடித்தால் மேலே போகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு இறங்க முடியும். ஒரு குரூப்பின் கடைசிச் சுற்று ஆட்டங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். ஒரே மைதானம் என்றால் அது முடியாது. அப்போது கடைசி ஆட்டத்தில் யார் வருகிறார்கள் என்பதைச் சீட்டுக் குலுக்கி எல்லோர் முன்னிலையிலும் எடுக்க வேண்டும். ஆப் தானாகப் போட்ட ஃபிக்சர் ஆட்டங்களைச் சுழற்றுமே தவிர இதையெல்லாம் யோசிக்காது.

1999 உலகக் கோப்பையில் மான்செஸ்டரில் வெஸ்ட் இண்டீஸ் 110க்கு ஆட்டமிழந்தது. அதை அடிக்க ஆஸ்திரேலியா 40 ஓவருக்கு மேல் எடுத்துக்கொண்டது. வெஸ்ட் இண்டீஸின் ரன்ரேட் கெடக்கூடாது, நியூசிலாந்து மேலே வரக்கூடாது என்பதற்காகவே மெதுவாக ஆடினார்கள். உலக அளவிலேயே இப்படி என்றால் தெருப் போட்டியில் சொல்ல வேண்டுமா?

ஸ்கோர்புக் சாமி

சார் சொல்றது ரொம்ப சரி. ஆனா இந்த விஷயத்துல காலனிக்கு அது உதவல. அவங்க கடைசி மேட்ச் 6.3 ஓவர்ல அடிச்சாங்க. முழு 8 ஓவரும் எடுத்துக்கிட்டு அதே 51 அடிச்சிருந்தாக்கூட, 177க்கு 144 பால், 7.375. கொடுத்த 7.243ஐக் கழிச்சா +0.132. அப்பவும் மைனஸ்ல இருக்கிற வடக்குத்தெருவுக்கு மேலதான். ஜெயிச்சாலே போதும்ங்கிற நிலைமைல இருந்தாங்க.

யாழ் மென்பந்து

வணக்கம் அண்ணைமார். நான் வடமராட்சிப் பக்கம். எங்கட கழகமும் வருசா வருசம் மென்பந்துச் சுற்றுப்போட்டி நடத்துறது. ஆப்பிலதான் ஸ்கோர் போடுறம். எங்களுக்கு வந்த பிரச்சினை வேற மாதிரி, ஆனா இதுக்குக் கிட்டத்தான் நிக்குது.

ஒரு அணி வரேல்லை. எதிரணிக்கு வெற்றி எண்டு குடுத்திட்டம். ஆப்பில அதை எப்பிடிப் பதியிறது எண்டு தெரியாமல், ஸ்கோர் போட்ட பெடியன் போட்டியைத் தொடங்கி, ஒரு பந்து போட்டு, ஒரு ரன் எடுத்ததா அடிச்சு முடிச்சிட்டான். வென்ற அணிக்கு ரன்ரேட்டில கொஞ்சம் ஏறிப்போச்சு. மற்ற அணியள் ஒத்துக்கொள்ளேல்லை. இதுக்குச் சரியான முறை என்ன அண்ணை?

ஸ்கோர்புக் சாமி

தம்பி, நடக்காத மேட்ச்சை நடந்ததாப் பதியவே கூடாது. வாக்ஓவர்னு தனியா ஒரு முடிவு இருந்தா அதைக் குடுங்க. பாயின்ட் ஏறும், ரன்ரேட் அசையாது. ஐ.சி.சி. போட்டிகள்ல இன்னும் ஒரு படி மேல போறாங்க. வராத டீமுக்கு மட்டும் முழு ஓவரும் ஆடி ரன் எதுவும் எடுக்காத மாதிரி ரன்ரேட்ல சேர்ப்பாங்க. வந்த டீமுக்கு ஒண்ணும் சேர்க்க மாட்டாங்க. வேணும்னே வராம இருந்து ரன்ரேட்டைக் காப்பாத்திக்கக் கூடாதுங்கிறதுக்காக. ஊர்ப் போட்டிக்கு அது வேணுமாங்கிறதை நீங்கதான் முடிவு பண்ணணும். வேன் கிடைக்காம லேட்டா வர்ற டீமுக்கு அது ரொம்பப் பெரிய அடி.

யாழ் மென்பந்து

எங்கட பக்கம் பஸ் பிந்தித்தான் கனபேர் வராமல் விடுறது. அதனால அந்த விதியைப் போட எனக்கு மனமில்லை. ஆனா புள்ளி மட்டும் குடுக்கிறதும் பிழையாத்தான் கிடக்கு. வந்து நிண்ட அணிக்கு ரன்ரேட் கூட்டிறதுக்கு ஒரு போட்டி குறைஞ்சு போகுதெல்லே. கழகத்தில கதைச்சுப் பாக்கிறன்.

தேன்மொழி

மேட்டுத்திடல், நேத்து ராத்திரி உங்க ஸ்கோரை வெச்சு ஷீட்டைத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு வரி. ரன், ஓவர், அதுக்குப் பக்கத்துல இன்னிங்ஸ் எப்படி முடிஞ்சுதுன்னு ஒரு காலம். D2ல "ஆல்" இருந்தா 48, இல்லைன்னா ஆடின பால்:

```
=IF(D2="ஆல்",48,INT(C2)*6+ROUND(MOD(C2,1)*10,0))
```

சாமி ஐயா சொன்ன நம்பர் அப்படியே வந்துச்சு. பஜார் +2.054, காலனி +0.624, வடக்குத்தெரு −0.005. ஒரு எச்சரிக்கை, மழையால ஓவரைக் குறைச்ச மேட்ச் இருந்தா 48ங்கிறதை அப்படியே விடக்கூடாது. அந்த மேட்ச்சுக்கு எத்தனை ஓவர் குடுத்தாங்களோ அந்தப் பால் எண்ணிக்கை வரணும். அதுக்குத் தனிக் காலம் வெச்சுக்கோங்க.

லெஃப்டி வடக்குத்தெரு

கணக்கு எனக்கும் புரியுது. நான் கேக்குறது அது இல்ல. ஆப்தான் முடிவுன்னு சொல்லிட்டு, மூணு நாள் கழிச்சு ஆப் தப்புன்னு சொன்னா நாங்க என்ன செய்ய? டேபிளைப் பாத்து நாங்க அரையிறுதிக்கு டிஷர்ட் வரைக்கும் அடிச்சிட்டோம். ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு டீமும் ஒரு 4 ஓவர் மேட்ச் ஆடட்டும். ஜெயிச்சவன் அரையிறுதி.

கவர்டிரைவ் கணேஷ்

இது நல்ல ஐடியா. மைதானத்துல முடிச்சுக்கலாம்.

ஸ்கோர்புக் சாமி

நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன். காலனி நோட்டீஸ்ல இருக்கிற விதிப்படி தகுதி பெற்ற டீம். அவங்களை இன்னொரு தடவை தகுதிக்கு ஆடச் சொல்றது, அவங்க ஜெயிச்சதைத் திரும்பக் கேக்குற மாதிரி. காலனி தானா முன்வந்து ஆடுறோம்னு சொன்னா அது வேற.

ஆனா லெஃப்டி கேக்குற ஒண்ணு நியாயம். ஆப்தான் முடிவுன்னு மைக்ல சொன்னது கமிட்டி. அதுக்குக் கமிட்டி பதில் சொல்லணும். ரெண்டு டீம் கேப்டனையும் ஒண்ணா உக்கார வெச்சு, ஸ்கோர்கார்டையும் `For` காலத்தையும் காட்டி, எந்த இடத்துல தப்பாச்சுன்னு வெளிப்படையாச் சொல்லுங்க. யாருக்கும் தெரியாம ஆப்ல போய்த் திருத்திட்டு, டேபிள் மாறியிருக்குன்னு வாட்ஸாப்ல போட்டா அதைவிட மோசம் ஒண்ணும் இல்ல.

மேட்டுத்திடல்

இன்னைக்குச் சாயங்காலம் கமிட்டி உக்காந்தோம். ரெண்டு கேப்டனும் வந்தாங்க. தேன்மொழி அக்கா ஷீட்டை லேப்டாப்ல காட்டினேன். 38/6ஐயும் 21.0வையும் பாத்ததும் வடக்குத்தெரு கேப்டனுக்குப் புரிஞ்சிருச்சு. ஆனா வராத ஆளுக்கு ஆல் அவுட் குடுக்கிறதை அவர் இன்னும் ஏத்துக்கல. கமிட்டில நாலு பேர் காலனி, ரெண்டு பேர் 4 ஓவர் மேட்ச்னு சொன்னாங்க. காலனிதான் அரையிறுதின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. வடக்குத்தெரு ஆட்சேபணையையும் அதே பேப்பர்ல எழுதச் சொன்னாங்க, எழுதியிருக்கோம். டிஷர்ட் காசைக் கமிட்டி பாதி ஏத்துக்குது.

ஆப்ல முடிஞ்ச மேட்ச்சைத் திருத்தப் பாத்தோம். இன்னிங்ஸ் முடிஞ்ச காரணத்தை மாத்த முடியல, பால் பாலாத் திரும்ப ஏத்தணும்னு கேக்குது. அப்படி ஏத்தினா எல்லாரோட பேட்டிங் கணக்கும் மாறுமோன்னு பயமா இருக்கு. யாராவது அப்படிச் செஞ்சிருக்கீங்களா?

தேன்மொழி

நான் செஞ்சதில்ல. முழு மேட்ச்சையும் திரும்ப ஏத்துறதுக்கு முன்னாடி இருக்கிற ஸ்கோர்கார்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. பி குரூப்ல இதே மாதிரி கையால மூடின இன்னிங்ஸ் ஏதாவது இருக்கான்னும் இப்பவே பாத்துடுங்க.

மேட்டுத்திடல்

பி குரூப்ல ஒண்ணு இருக்குக்கா. 7.1 ஓவர், அஞ்சு விக்கெட். அது வெளிச்சம் போனதால நிறுத்தினதுன்னு ஸ்கோர் போட்டவன் சொல்றான். அம்பயர்கிட்ட கேட்டுட்டு வந்து எழுதுறேன்.